1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லை எந்தக் கருவியில் போடலாம்: கதவுப் பூட்டை வைத்துச் சோதித்துப் பார்க்கும் முறை

எங்கள் எதிர்வீட்டு அக்கா தம் வீட்டு மின்னணுக் கதவுப் பூட்டில் நான்கு ரீசார்ஜ் செல்களைப் போட்டார். ஒரு வாரத்தில் பூட்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டி, செல் தீர்கிறது என்றது. கழற்றிச் சார்ஜ் செய்து போட்டார். அடுத்த வாரம் மறுபடி அதே சிமிட்டல். மூன்றாம் முறை, "இது எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிட்டார். பூட்டும் சிமிட்டிக்கொண்டே ஒழுங்காகத் திறந்தது. இரண்டரை மாதம் கழித்து ஒரு மாலை, காய்கறிப் பையோடு வாசலில் நின்று எண்ணை அழுத்தியபோது பூட்டில் உயிரே இல்லை. பூட்டின் அடியில் அவசரத்துக்கென்று இருக்கும் இரண்டு முனைகளில் ஒரு 9 வோல்ட் செல்லைத் தொட்டுப் பிடித்துத்தான் கதவைத் திறந்தோம்.

முதலில் பொய்யாக எச்சரித்த பூட்டு, உண்மையில் தீரும்போது புதிதாக எதையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் கருவி இந்த வகையா என்பதை மல்டிமீட்டரை வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நான்காம் படியை முதல் படிக்கு முன்னால் செய்தால் செல் சூடாகிக் கையைச் சுடலாம்.

கருவி ஏன் ஏமாறுகிறது

புதிய ஆல்கலைன் செல் சுமார் 1.6 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த 0.9 வரை சரிந்துகொண்டே போகும். அது சரிவான பாதை. எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று பார்த்தாலே எவ்வளவு தூரம் மிச்சம் என்று சொல்லிவிடலாம். அதனால் கருவியை வடிவமைப்பவர் வேறு எதையும் அளப்பதில்லை. வோல்ட்டை மட்டும் பார்த்து, இந்த எண்ணுக்குக் கீழே போனால் விளக்கைச் சிமிட்டு, அந்த எண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடு என்று இரண்டு எல்லைகளை வைத்துவிடுகிறார்.

1.2 வோல்ட் ரீசார்ஜ் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், அப்படி இறங்குவதில்லை. சார்ஜ் செய்த சூடு ஆறியதும் 1.3 வோல்ட் அளவில் நிற்கும். பிறகு தன் கொள்ளளவின் பெரும்பகுதியை 1.25க்கும் 1.2க்கும் இடையிலேயே கொடுத்து முடிக்கும். கடைசியில் 1.1ஐத் தாண்டியதும் சடாரென்று விழும். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியைப் போன்றது அது. விளிம்பு வரை ஒரே சமதளம்தான். உயரத்தை மட்டும் அளப்பவருக்கு, மாடியின் நடுவில் நிற்கிறோமா விளிம்பில் நிற்கிறோமா என்று தெரியாது.

இதிலிருந்து "1.2 வோல்ட் போதாது, அதனால் கருவி ஓடாது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆல்கலைன் செல்லும் தன் ஆயுளின் பின்பாதியை 1.2 வோல்ட் அளவிலும் அதற்குக் கீழேயும்தான் கழிக்கிறது. 1.2இல் ஓடவே ஓடாத கருவி, ஆல்கலைன் செல்லையும் பாதி உயிரோடு குப்பையில் போட வைக்கும் கருவியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவை குறைவு. பெரும்பாலான கருவிகள் ஓடும். அவற்றின் கணிப்புதான் தவறும்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். விலை மலிவானதே போதும். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்துக் காட்டும் வசதி இருந்தால் வேலை எளிது.

சோதிக்க வேண்டிய ரீசார்ஜ் செல்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கிய ஒரே வகையாக இருக்கட்டும்.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சார்ஜ் செய்யும் மலிவு சார்ஜரில், ஜோடியில் ஒன்று நிரம்பி வழிய மற்றது அரைகுறையாக நிற்கும். அந்த அரைகுறைச் செல்தான் பிறகு உங்கள் எல்லா அளவுகளையும் குழப்பும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய ஆல்கலைன் செல்கள். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். பெட்டிக்கடையில் பென்சில் செல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது துத்தநாக-கார்பன் செல். ஏஏ அளவு ஆல்கலைன் செல்லின் உறையில் எல்ஆர்6 என்றும், துத்தநாக-கார்பன் செல்லில் ஆர்6 என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது வகை, சுமை ஏறியதும் மளமளவென்று சரியும். அதை வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது.

கடைசியாக 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. வெள்ளைச் செங்கல் துண்டு போல இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம். செல்லுக்குக் குறுக்கே வைத்தால் அதில் முக்கால் வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும், கருகிவிடும்.

1. செல்கள் தொடரிலா, பக்கமாகவா என்று பாருங்கள்

செல் பெட்டியைத் திறந்து, எத்தனை செல்கள், எப்படி இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். அடுத்தடுத்த செல்கள் தலைகீழாக மாறி மாறி அமர்ந்தால் அது பெரும்பாலும் தொடர் இணைப்பு. எல்லாம் ஒரே திசையில் அமர்ந்தால் பக்க இணைப்பாக இருக்கலாம். இரண்டு செல் போடும் சில கம்பியில்லா மவுஸ்களில் இப்படி இருக்கும். அவை ஒரே செல்லோடும் ஓடும்.

கண்ணால் பார்த்ததோடு விடாதீர்கள். செல்களைப் போட்டு, கருவிக்குள் போகும் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். நான்கு ஆல்கலைன் செல்லுக்கு 6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடர் இணைப்பு என்பது உறுதி.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செல்லில் 0.3 வோல்ட் குறைவு என்பது தொடரில் நான்கு மடங்காகி 1.2 வோல்ட் ஆகிறது. எல்லையை ஒட்டி நிற்கும் கருவியை இது தடுமாற வைக்கும். தவிர, நான்காம் படியில் ஒரு செல்லுக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் துண்டைச் செருகும் பொய்ச் செல் சோதனை வரும், அதைத் தொடர் இணைப்பில் மட்டுமே செய்யலாம். பக்க இணைப்பில் செய்தால் மற்ற செல் நேரடியாகக் குறுக்கிணைப்பாகிக் கொதிக்கும்.

2. சார்ஜ் செய்து, ஓர் இரவு விட்டு அளவெடுங்கள்

சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்து, "என் செல் 1.2 இல்லை, 1.45 தருகிறது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அது சார்ஜ் செய்ததன் மேற்பரப்பு எச்சம், சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஓர் இரவு கழித்து அளந்தால் நல்ல செல் 1.30 முதல் 1.35 வரை காட்டும். எல்லாச் செல்களின் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். செல் உறையிலேயே பேனாவால் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் 1.25ஆக இருந்தால் அதைத் தனியே வையுங்கள்.

3. சுமை கொடுத்து ஒவ்வொரு செல்லையும் அளங்கள்

சும்மா இருக்கும் செல்லின் வோல்ட் பாதிக் கதைதான் சொல்லும். மீட்டரின் முனைகளோடு ரெசிஸ்டரின் இரு கால்களையும் செல்லின் இரு முனைகளில் அழுத்தி, ஐந்து நொடி கழித்து எண்ணைப் படியுங்கள். சுமார் 0.6 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் சுடும், வெறும் விரலால் பிடிக்காதீர்கள்.

என் மேசையில் இப்படி வந்தது. புதிய ஆல்கலைன் 1.59இலிருந்து 1.44க்கு இறங்கியது. பாதி தீர்ந்த ஆல்கலைன் 1.30இலிருந்து 1.12க்கு இறங்கியது. நல்ல ரீசார்ஜ் செல் 1.33இலிருந்து 1.28க்கு மட்டுமே இறங்கியது.

இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்த இரண்டு செல்களில், வேலை என்று வந்தபோது ரீசார்ஜ் செல்தான் உயரத்தில் நின்றது. காரணம், அதன் அக மின்தடை ஆல்கலைனைவிட மிகக் குறைவு. கேமரா ஃபிளாஷ், மோட்டார் பொம்மை போன்று கனமாக மின்னோட்டம் இழுக்கும் கருவிகளில் 1.2 வோல்ட் செல் 1.5 வோல்ட் செல்லை முந்துவது இதனால்தான். நான்கு ஏஏ செல் போடும் ஃபிளாஷில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்த வெளிச்சத்துக்குத் தயாராகும் நேரம் ரீசார்ஜ் செல்லில் குறைவாக இருக்கும்.

இந்தப் படிக்கு இன்னொரு பயனும் உண்டு. ரீசார்ஜ் செல் முதுமை அடையும்போது அக மின்தடை ஏறும். அக்காவின் செல்கள் அதற்கு முன் நான்கு வருடம் குழந்தையின் பொம்மைக் காரில் உழைத்தவை. சும்மா இருக்கும்போது நல்ல செல்லைப் போலவே 1.32 காட்டின. ரெசிஸ்டரை வைத்ததும் மூன்று செல்கள் 1.22க்கு வந்தன, நான்காவது 1.15க்கு வந்தது. கொஞ்சமாக மின்னோட்டம் கேட்கும் சுவர்க் கடிகாரத்துக்கு அவை போதும். மோட்டார் உள்ள பூட்டுக்கு அவற்றைத் தந்திருக்கவே கூடாது.

4. கருவியின் இரண்டு எல்லைகளைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். பூட்டாக இருந்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். தாழ்ப்பாள் காற்றில் வந்து போகட்டும். கதவை மூடிவைத்துச் சோதிக்கத் தொடங்கி வெளியே மாட்டிக்கொண்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டரின் முனைகளைச் செல் பெட்டியின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் சேரும் இடத்தில் வையுங்கள். மோட்டார் ஓடும் அந்த ஒரு நொடியில் வரும் மிகக் குறைந்த எண்தான் நமக்கு வேண்டும். பலர் மோட்டார் நின்ற பிறகு படிக்கிறார்கள். அதற்குள் வோல்ட் ஏறிவிடும். குறைந்தபட்சம் பிடிக்கும் வசதி மீட்டரில் இல்லையென்றால், மீட்டரின் திரையைக் கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

முதலில் புதிய ஆல்கலைன். அக்காவின் பூட்டில் சும்மா இருக்கும்போது 6.36, மோட்டார் ஓடும்போது 5.95. சிமிட்டல் இல்லை.

அடுத்து பொய்ச் செல் சோதனை. நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏஏ செல்லின் நீளத்துக்கு, அதாவது 50 மில்லிமீட்டருக்கு வெட்டிய மரக்குச்சியில் அலுமினியத் தாளைச் சுற்றிச் செருகுங்கள். கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கும். இப்போது மூன்று ஆல்கலைன் செல்கள் நான்கு செல்லின் வேலையைச் செய்கின்றன. நான்கு ரீசார்ஜ் செல்கள் கடைசிக் கட்டத்துக்கு வந்தால் எந்த வோல்ட் கிடைக்குமோ, ஏறக்குறைய அதே வோல்ட் இது. பூட்டில் சும்மா 4.77, மோட்டாரோடு 4.45. நான்கால் வகுத்தால் செல்லுக்கு 1.11. விளக்கு சிமிட்டியது, தாழ்ப்பாளும் நகர்ந்தது. அப்படியானால் எச்சரிக்கை எல்லை இதற்கு மேலே இருக்கிறது, நிற்கும் எல்லை இதற்குக் கீழே இருக்கிறது.

ஒன்று அல்லது இரண்டு செல் கருவிக்கு இந்த வித்தை பயன்படாது, வோல்ட் ஒரேயடியாகக் குறைந்துவிடும். அதற்கு மூன்றாம் படியில் சுமையில் 1.1 காட்டிய பாதி தீர்ந்த ஆல்கலைன் செல்களைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ரீசார்ஜ் செல்களையே போட்டு அளங்கள். அக்காவின் செல்களைச் சார்ஜ் செய்து ஓர் இரவு விட்டுப் போட்டபோது மோட்டார் ஓடுகையில் 5.02, சிமிட்டல் இல்லை. நான்கு நாள் கழித்து 4.92, அப்போதும் இல்லை. ஏழாம் நாள் 4.84, சிமிட்டத் தொடங்கியது. எச்சரிக்கை எல்லை செல்லுக்கு ஏறத்தாழ 1.22 என்று அப்போது தெரிந்தது. ரீசார்ஜ் செல் தன் வாழ்நாளைக் கழிக்கும் சமதளத்திலேயே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். ஆல்கலைனுக்கு அது நியாயமான கோடு. அந்தக் கோட்டைத் தொடும்போது ஆல்கலைன் செல்லிலும் இன்னும் பல வாரங்களுக்கு உயிர் இருக்கும்.

5. திடீர் நிறுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

அன்று மாலை பூட்டிலிருந்து எடுத்த செல்களை உடனே அளந்தேன். மூன்று 1.22, நான்காவது 0.54. கூட்டினால் 4.20. மூன்று செல்கள் நன்றாக இருந்தும், நான்காவது விளிம்பைத் தாண்டியதால் பூட்டு செத்தது.

தொடர் இணைப்பில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. கொள்ளளவு குறைந்த செல் முதலில் தீர்ந்து ஒரே நாளில் 0.7 வோல்ட் விழுந்துவிடும். அந்த நாள் வரை மொத்த வோல்ட் பெரிதாக அசையாது. அதனால் முந்தின வாரச் சிமிட்டலுக்கும் கடைசி நாள் சிமிட்டலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அதே பூட்டில் ஆல்கலைன் செட் ஏழெட்டு மாதம் வரும். இங்கே இரண்டரை மாதத்தில் முடிந்ததற்கு அந்த ஒரு செல்லே காரணம்.

அதற்குப் பிறகும் கருவி இழுத்துக்கொண்டே இருந்தால், மற்ற மூன்றும் அந்தத் தீர்ந்த செல்லைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கும். அந்தச் செல் அதோடு கெட்டுவிடும். தானாக நிற்காத சாதாரண டார்ச்சில் ரீசார்ஜ் செல்கள் சீக்கிரம் பாழாவது இப்படித்தான். வெளிச்சம் மங்கியதும் அணைத்துவிடுங்கள்.

6. முடிவெடுங்கள்

செல்லுக்கு 1.2 வோல்ட்டிலேயே கருவி நின்றுவிடுகிறதா? அதில் ரீசார்ஜ் செல் வேண்டாம்.

1.2ஐ ஒட்டி எச்சரித்து, 1.1க்குக் கீழேதான் நிற்கிறதா? ஓடும், ஆனால் எச்சரிக்கை பொய். மூன்று வகையில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். பொய் எச்சரிக்கையைப் பத்து முறை பார்த்தவர் உண்மை எச்சரிக்கையை நம்ப மாட்டார்.

1.1இல் அல்லது அதற்குக் கீழே எச்சரிக்கிறதா? ரீசார்ஜ் செல்லின் சாறு முழுவதும் பயன்படும். ஆனால் எச்சரிக்கைக்கும் நிற்பதற்கும் இடையே ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும், சில கருவிகளில் சில நிமிடங்கள்தான்.

இதற்கு மேல் ஒரே கேள்வி: சொல்லாமல் நின்றால் என்ன ஆகும்? மவுஸ் நின்றால் செல்லை மாற்றிக்கொள்ளலாம். பொம்மையும் டார்ச்சும் ஃபிளாஷும் அப்படியே. பூட்டு, புகை எச்சரிப்பான், இரத்த அழுத்தமானி போன்றவற்றில் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே போடுங்கள். பெரும்பாலும் ஆல்கலைன் என்றுதான் இருக்கும். சோதனையில் தேறினாலும் அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

7. ரீசார்ஜ் செல்லோடு ஓட்டுவது என்று முடிவு செய்தால்

முதலில் அமைப்புகளைத் தேடுங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் வகைக் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளிலும், ஏஏ செல்லில் ஓடும் சில பென்டாக்ஸ் கேமராக்களிலும் செல் வகையைத் தேர்ந்தெடுக்கும் மெனு இருக்கிறது. நிக்கல் வகையைத் தேர்ந்தெடுத்தால் கருவி தன் எல்லைகளை மாற்றிக்கொள்ளும். பலர் இந்த மெனுவைத் திறந்ததே இல்லை.

அந்த வசதி இல்லையென்றால் விளக்கை நம்பாமல் நாளை நம்புங்கள். ஒரு முறை முழுதாக ஓடவிட்டு எத்தனை நாள் வருகிறது என்று குறித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆனதும் செட்டை மாற்றிவிடுங்கள். செல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் தேதி எழுதி ஒட்டினால் போதும். நான்கு செல்லும் எப்போதும் சேர்ந்தே போகட்டும், சேர்ந்தே வரட்டும்.

வோல்ட்டை ஈடுகட்ட வேறு செல்லைத் தேடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 14500 என்று எழுதிய லித்தியம் செல் ஏஏ அளவிலேயே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். நான்கு போட்டால் முழுச் சார்ஜில் 16.8 வோல்ட் ஏறி, 6 வோல்ட் கருவி எரிந்துபோகும். 1.5 வோல்ட் தரும் லித்தியம் ரீசார்ஜ் செல்லும் கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் சிறு மின்சுற்று பெரும்பாலும் கடைசி வரை 1.5ஐப் பிடித்து வைத்திருந்து, பிறகு ஒரே நொடியில் நிறுத்திவிடும். பூட்டு அதைக் கடைசி நிமிடம் வரை நிறைந்த செல் என்றே நம்பும். பொய் எச்சரிக்கை போய், எச்சரிக்கையே இல்லாத நிலை வரும்.

அக்காவின் பூட்டில் இப்போது நான்கு ஆல்கலைன் செல்கள் இருக்கின்றன. பழைய ரீசார்ஜ் செல்களில் 1.22 காட்டிய மூன்றும் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போயின. நான்காவதை மின்கழிவுப் பெட்டியில் போட்டோம்.